கவிதையைப் பதிவு செய்யும்போது எந்த வரியில் நிற்பது, எந்த வரியில் நிற்காமல் போவது

தாளில் இருக்கும் கவிதையில் வரி எங்கே முறிகிறது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒலிப்பதிவைக் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் கிடைப்பது குரலும், குரல் இல்லாத இடைவெளியும் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வாசிப்பவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பலர் எடுப்பதில்லை. ஒன்று, வரி முடிந்த இடமெல்லாம் நிற்கிறார்கள். கேட்க வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவது போல இருக்கிறது. அல்லது எல்லாவற்றையும் ஒட்டி ஒரே ஓட்டமாகப் படிக்கிறார்கள். கவிதை நல்ல உரைநடையாகிவிடுகிறது.

இந்த வழிகாட்டி முக்கியமாகப் புதுக்கவிதைக்கானது. மரபுக் கவிதையில் யாப்பு உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும். அதைப் பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் சொல்கிறேன். முறையைக் காட்டுவதற்காகவே ஒரு சிறு கவிதை எழுதிக்கொண்டேன். வரிகளைக் குறிப்பிட்டுப் பேச வசதியாக எண்களும் போட்டிருக்கிறேன்.

1. வீட்டை விற்ற பிறகும்
2. சாவி என்னிடம்
3. இருக்கிறது.
4. புதிதாக வந்தவர்கள்
5. பூட்டை மாற்றிவிட்டார்கள்
6. என்று தெரிந்தும்
7. சில இரவுகளில் அதைப்
8. பையில் தேடி எடுத்துத்
9. திறக்கிறேன்
10. இப்போது அங்கே இல்லாத
11. கதவை.
12. அம்மா கூப்பிடவில்லை
13. என்று சொல்ல முடியாது.

முதலில், நிற்பது என்றால் என்ன

நிற்பது என்றதும் மௌனம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு வரி முடிந்துவிட்டது என்று காதுக்குச் சொல்லும் வேலையை மூன்று விஷயங்கள் செய்கின்றன. ஒன்று மௌனம். இன்னொன்று குரலின் இறக்கம்: வாக்கியம் முடியும்போது குரல் தானாகவே தாழ்ந்து அடங்கும். மூன்றாவது, கடைசி அசை சற்றே நீளுவது.

இந்த மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மௌனம் கொடுத்து, குரலை மட்டும் இறக்காமல் அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளலாம். அப்போது கேட்பவர் "இன்னும் இருக்கிறது" என்று காத்திருப்பார். அதே அளவு மௌனத்தைக் குரல் இறக்கத்தோடு கொடுத்தால் "முடிந்தது" என்று எடுத்துக்கொள்வார். மௌனமே இல்லாமல், கடைசி அசையைச் சற்று நீட்டி அடுத்த வரியின் முதல் சொல்லில் லேசாக அழுத்தம் வைத்தாலும் போதும். வரி மாறியது ஓரளவு கேட்கும், ஓட்டமும் அறுபடாது.

ஆக, நிற்பதா வேண்டாமா என்ற ஒரே கேள்வியோடு வரிகளை அணுகினால் பாதிக் கருவிகள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். தாளில் குறிப்பதற்கு நான்கு அடையாளங்கள் போதும். `//` என்றால் குரல் இறங்கி முழுதாக நிற்பது. `/` என்றால் குரல் இறங்காமல் தாங்கி நிற்பது. `~` என்றால் மௌனம் இல்லை, நீட்டல் மட்டும். `+` என்றால் அடுத்த வரியோடு ஒட்டிவிடுவது.

முதல் படி: வரிகளை அழித்துவிட்டுப் படியுங்கள்

கவிதையை ஒரு பத்தியாகத் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள். வரி முறிவே இல்லாமல், பேச்சில் எங்கே இயல்பாக நிற்பீர்களோ அங்கே நின்று இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். நின்ற இடங்களைப் பென்சிலால் குறியுங்கள்.

நம் கவிதையில் இயல்பான நிறுத்தங்கள் "பிறகும்", "இருக்கிறது", "தெரிந்தும்", "கதவை", "முடியாது" ஆகியவற்றுக்குப் பின்னால் வரும். இந்த ஐந்தும் கவிதையிலும் வரிக்கடைசிகளே. பேச்சும் வரியும் ஒத்துப்போகிற இடங்கள் என்பதால் இவற்றில் பெரிய யோசனை தேவையில்லை. வேலை இருப்பது மீதியுள்ள எட்டு வரிகளில். அங்கே வரி ஓரிடத்தில் முறிகிறது, பேச்சோ நிற்காமல் போகிறது.

இரண்டாம் படி: வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

தமிழ் வாசிப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வரியின் கடைசிச் சொல் எந்த வகை என்று பார்த்தாலே, அது அடுத்த சொல்லை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பள்ளியில் படித்த பெயரெச்சமும் வினையெச்சமும் பயன்படுகிற அரிய தருணம் இது.

வரி பெயரெச்சத்தில் முடிந்தால் பிடி மிக இறுக்கம். "இல்லாத" என்று நிறுத்தினால் எது இல்லாதது என்று தெரியாமல் கேட்பவர் தொங்கிக்கொண்டிருப்பார். வினையெச்சத்தில் முடிந்தால் பிடி சற்றுத் தளர்வு. "தேடி எடுத்து" என்று கொஞ்சம் தாங்கி நிற்கலாம், காது பொறுத்துக்கொள்ளும். "பிறகும்", "தெரிந்தும்" போல ஒரு துணை வாக்கியத்தை மூடும் சொல்லில் தாராளமாக நிற்கலாம். வினைமுற்றில் முடிந்தால் கேட்பவர் வாக்கியம் முடிந்தது என்றே நினைப்பார். சிக்கல் வருவது இங்கேதான். மூன்றாம் படியில் பார்ப்போம்.

ஒற்று மிகுந்திருந்தால் அதுவும் ஒரு தடயம். ஏழாம் வரி "அதைப்" என்றும் எட்டாம் வரி "எடுத்துத்" என்றும் முடிகின்றன. அந்தப் ப், த் இரண்டும் அடுத்த சொல்லின் தலையெழுத்துக்காக வந்தவை. "அதைப்" என்று உதட்டை மூடிவிட்டு நின்றால், பாதிச் சொல்லில் ஆள் காணாமல் போனது போலக் கேட்கும். ஆகவே இரண்டு வழிதான். ஒட்டிப் படித்தால் ஒற்றை அழுத்திச் சொல்லுங்கள். நிற்பதென்று முடிவு செய்தால் குரலில் ஒற்றை விட்டுவிடுங்கள், "அதை" என்று மட்டும் சொல்லுங்கள். இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இன்று பலர் வரிக்கடைசியில் ஒற்றுப் போடுவதே இல்லை; ஒற்று இல்லாததால் கவிஞர் நிற்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாம் படி: நிற்கும்போது கேட்பவர் கையில் என்ன இருக்கிறது?

இலக்கணம் எங்கே நிற்க முடியும் என்று சொல்லும். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லாது. அதற்கு நான் ஒவ்வொரு முறிவிலும் கேட்டுப் பார்ப்பது ஒன்றுதான்: இந்த இடத்தில் நின்றால், அந்த மௌனத்தில் கேட்பவரிடம் முழுதாக ஏதாவது இருக்கிறதா? இருந்து, அடுத்த வரி அதை மாற்றப்போகிறது என்றால் அங்கே நிற்கலாம். கையில் எதுவும் இல்லாமல் வெறும் எதிர்பார்ப்பு மட்டும் இருந்தால் மௌனம் வீண்.

இதை 5-6, 12-13 என்ற இரண்டு ஜோடிகளில் பாருங்கள். இலக்கணத்தில் இரண்டும் ஒரே அச்சு: வினைமுற்றில் வரி முடிகிறது, அடுத்த வரி "என்று" எனத் தொடங்குகிறது. முடிவு மட்டும் வேறு.

"பூட்டை மாற்றிவிட்டார்கள்" என்பதில் நின்றால் கேட்பவர் கையில் ஒரு செய்தி இருக்கிறது. அடுத்து "என்று தெரிந்தும்" வருகிறது. செய்தி மாறவில்லை, பூட்டு மாறியது மாறியதுதான். மௌனத்துக்கு விலை ஏதும் கிடைக்கவில்லை என்பதால் இங்கே ஒட்டிவிடுகிறேன்.

"அம்மா கூப்பிடவில்லை" என்பதிலும் ஒரு செய்தி கையில் இருக்கிறது. ஆனால் "என்று சொல்ல முடியாது" வந்ததும் அது கவிழ்ந்துவிடுகிறது. கூப்பிடவில்லை என்று நம்பியவரிடம், கூப்பிட்டிருக்கவும் கூடும் என்று சொல்கிறோம். அந்த நம்பிக்கை அரைநொடியாவது நிலைத்திருந்தால்தான் கவிழ்வது கேட்கும். ஆகவே இங்கே நின்றே தீர வேண்டும். குரலையும் கிட்டத்தட்ட முழுதாகவே இறக்கிவிடலாம், ஏனென்றால் "என்று" என்பது முடிந்த வாக்கியத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதற்கென்றே இருக்கும் சொல். எவ்வளவு முடித்துவிட்டு வந்தாலும் அது முன்னதைத் தூக்கிக்கொள்ளும். அடுத்த வரியில் "என்று" மேல் அழுத்தம் வைக்க வேண்டாம். அழுத்தம் "சொல்ல" மேல் விழட்டும். இல்லாவிட்டால் மந்திரவித்தைக்காரர் துணியை இழுப்பது போலப் பகட்டாகிவிடும்.

ஒன்பதாம் வரி வேறு மாதிரி. "திறக்கிறேன்" வினைமுற்று. சாவியை எடுத்தார், திறக்கிறார், படம் முழுமை. அப்புறம் "இப்போது அங்கே இல்லாத கதவை" என்று செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வருகிறது. இங்கே குரலை முழுதாக இறக்கிவிட்டால் கதை கெட்டது. "என்று" போலத் தூக்கிக்கொள்ள இங்கே சொல் இல்லை. "கதவை" அனாதையாக நிற்கும், கேட்பவர் புது வாக்கியம் தொடங்குகிறது என்று நினைத்து அதன் வினைக்காகக் காத்திருப்பார். ஆகவே மௌனம் உண்டு, இறக்கம் கிடையாது: `/`.

பத்தாம் வரியின் கடைசியில் "இல்லாத" என்பதிலும் நின்றால் என்ன? "கதவை" என்ற சொல் தனி வரியில் கிடக்கிறதே, கவிஞர் அதைத் தனித்துக் காட்ட விரும்பவில்லையா? காட்டலாம், மௌனத்தால் வேண்டாம். சாவி, பூட்டு, திறப்பது எல்லாம் வந்துவிட்டன. வரப்போவது கதவு என்று யாருக்கும் தெரியும். எதிர்பார்த்ததைச் சொல்ல எதற்கு ஒரு மௌனம்? மேலும் ஒன்பதில் ஒரு முறை தாங்கி நின்றாயிற்று. அடுத்த வரியிலேயே மறுபடி தாங்கினால் முதல் தாங்கலின் பலன் போய்விடும். "இல்லாத" என்பதன் கடைசி அசையைச் சற்று நீட்டி, "கதவை" என்பதை மெதுவாகச் சொல்லி முழுதாக முடித்துவிடுங்கள். அங்கே வரும் மௌனம்தான் கவிதையிலேயே மிக நீளமானதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் வேறொரு ஆள் உள்ளே வருகிறார்.

"சாவி என்னிடம்" என்று முடியும் இரண்டாம் வரியும் இதே வகை. நின்றால் "இருக்கிறது" என்ற சாதாரண வினை ஒட்டாமல் தள்ளாடும். ஒட்டி, மெதுவாகச் சொன்னால் போதும். நான்காம் வரியில் எழுவாய்க்குப் பின் ஒரு சிறு நீட்டல். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்தபின் வாசிப்புத் தாள் இப்படி இருக்கும்:

```
வீட்டை விற்ற பிறகும் /
சாவி என்னிடம் +
இருக்கிறது. //
புதிதாக வந்தவர்கள் ~
பூட்டை மாற்றிவிட்டார்கள் +
என்று தெரிந்தும் / (மூச்சு)
சில இரவுகளில் அதைப் +
பையில் தேடி எடுத்துத் +
திறக்கிறேன் /
இப்போது அங்கே இல்லாத ~
கதவை. // (மூச்சு, நீளம்)
அம்மா கூப்பிடவில்லை //
என்று சொல்ல முடியாது. //
```

நான்காம் படி: மூச்சுக்கு இடம் ஒதுக்குங்கள்

மைக்குக்கு நெருக்கத்தில் பேசும்போது மூச்சிழுக்கும் ஒலி நன்றாகவே பதிவாகும். கேட்பவருக்கு அது ஒரு நிறுத்தற்குறி. ஒட்டுவதாக முடிவு செய்த இடத்தில் மூச்சு வாங்கினால், நீங்கள் நினைக்காத ஒரு வரி அங்கே முறிந்துவிடும். பின்னால் அந்த மூச்சை வெட்டி எடுத்தாலும் பயனில்லை, முன்னும் பின்னும் குரல் அதற்கேற்ப மாறியிருக்கும்.

அதனால் நீளமான ஓட்டம் எது என்று முதலிலேயே பாருங்கள். இங்கே ஏழு முதல் ஒன்பது வரை ஒரே ஓட்டம். ஆகவே "தெரிந்தும்" என்பதற்குப் பின் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். "திறக்கிறேன்" என்பதற்குப் பின் வருவது மூச்சில்லாத மௌனமாக இருக்கட்டும். மூச்சை அடக்கி நிற்பதே குரல் இறங்காமல் தாங்கவும் உதவும். கடைசி இரண்டு வரிகளுக்கு நடுவிலும் மூச்சு வேண்டாம். மூச்சு கேட்டால் "இன்னும் பேசப்போகிறார்" என்று தெரிந்துவிடும், கவிழ்ப்பது பலிக்காது. "கதவை" என்பதற்குப் பின்னால் வாங்கிய மூச்சிலேயே இரண்டு வரிகளையும் முடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: பதிவு

பதிவு செய்யும் முன் நீங்கள் பேசாமல், அறையின் வெறும் ஒலியை இருபது வினாடி பதிவு செய்து வையுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

வாசிக்கும்போது இரண்டு இடங்களில் காது வையுங்கள். முதலாவது, வரிக்கடைசியில் குரல் ஒலி அளவே குறைந்துபோவது. தமிழில் காலம், எதிர்மறை எல்லாம் சொல்லின் வாலில் இருக்கின்றன. "கூப்பிடவில்லை" என்பதில் "இல்லை" அடங்கிப்போனால் கவிதையின் கடைசிப் பகுதியே போச்சு. குரல் தாழலாம், கரையக் கூடாது.

இரண்டாவது, மெய்யெழுத்துகள். உண்மையில் நின்றீர்களா, ஒட்டினீர்களா என்பதை இவை காட்டிக்கொடுக்கும். "என்னிடம் இருக்கிறது" என்பதை ஒட்டினால் ம் என்பதும் இ என்பதும் சேர்ந்து "என்னிடமிருக்கிறது" என்று வரும். உதடு மூடிய ம் தனியாகக் கேட்டால் நீங்கள் நின்றுவிட்டீர்கள். மறுபக்கம், "பிறகும்" என்பதில் நிற்பதாக முடிவு. ஆனால் பதிவில் "பிறகுஞ் சாவி" என்று கேட்டால், இடைவெளி விட்டதாக நீங்கள் நினைத்தீர்களே தவிர விடவில்லை. மெய்யில் முடியும் சொல்லில் நிற்கும்போது கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் பேச்சிலிருந்து வரும். "கால்" என்பது "காலு" ஆகும். வேண்டுமென்றே செய்தால் சரி, இல்லாவிட்டால் திரும்பப் படியுங்கள்.

தவறு வந்தால் சொல்லிலிருந்து தொடங்காதீர்கள். முந்தைய `//` குறிக்குப் போய் அங்கிருந்து மறுபடி வாசியுங்கள். ஒட்டும் இடத்தில் இரண்டு பதிவுகளை வெட்டிச் சேர்த்தால் குரலின் உயரம் ஒத்துப்போகாது. முழு மௌனத்தில் சேர்த்தால் தெரியவே தெரியாது.

ஆறாம் படி: மௌனத்தை அளப்பது, கூட்டுவது, குறைப்பது

பதிவை அலைவடிவமாகப் பார்க்கும் எந்த மென்பொருளும் போதும். சாதாரணப் பேச்சில் நீங்கள் வாக்கிய முடிவில் விடும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் அலகு. பலருக்கு அது அரைநொடிக்குப் பக்கத்தில் இருக்கும். தாங்கி நிற்கும் `/` அதில் பாதி, சாதாரண `//` ஓர் அலகு, "கதவை" என்பதற்குப் பின் வருவது இரண்டரை அலகு என்று தொடங்கிப் பாருங்கள். "கூப்பிடவில்லை" என்பதற்குப் பின் ஒன்றரை. இவை தொடக்கப் புள்ளிகள்தான், காது சொல்வதைக் கேட்டு மாற்றுங்கள். ஆனால் இரண்டு வினாடியைத் தாண்டிய மௌனத்தில், ஹெட்போனில் கேட்பவர் பாட்டரி போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

மௌனத்தை நீட்ட வேண்டுமென்றால் மென்பொருள் தரும் வெற்று மௌனத்தை நுழைக்காதீர்கள். அறையின் மெல்லிய ஒலி திடீரென்று அறுந்து மறுபடி வருவது தெளிவாகக் கேட்கும். முன்பு பதிவு செய்து வைத்த அறை ஒலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வையுங்கள்.

இன்னொரு ஆபத்து தானியங்கி வசதிகளில் இருக்கிறது. Audacity மென்பொருளில் `Truncate Silence` என்ற விளைவு நீண்ட மௌனங்களைக் கண்டுபிடித்துச் சுருக்கிவிடும். பேச்சுப் பதிவுகளுக்கு அது நல்லது. கவிதையில் நீங்கள் யோசித்து வைத்த நீண்ட இடைவெளிகளை ஒரே அளவாக்கிவிடக்கூடும். இரைச்சல் நீக்கும் வசதியை அளவுக்கு மீறிப் போட்டாலும் கரையும் வரிக்கடைசிகள் வெட்டுப்படும்.

ஏழாம் படி: சோதனை

கவிதையைப் படித்திராத ஒருவரிடம் பதிவை மட்டும் கொடுங்கள். கேட்டுவிட்டு, எங்கே எங்கே வரி முறிகிறது என்று நினைக்கிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பதின்மூன்று வரிகளும் அப்படியே வர வேண்டியதில்லை. இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள்: `+` போட்ட இடத்தில் அவர் வரியை முறித்திருக்கிறாரா? "திறக்கிறேன்" என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாரா? முதலாவதென்றால் எங்கோ மூச்சு புகுந்திருக்கிறது. இரண்டாவதென்றால் குரல் இறங்கியிருக்கிறது. மௌனத்தைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது, அந்த ஓட்டத்தைத் திரும்ப வாசிக்கத்தான் வேண்டும்.

மரபுக் கவிதை என்றால்

அடியின் முடிவு பொருளின் நடுவில் விழுவது மரபிலும் சகஜம். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் முதல் குறள். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" என்று முதல் அடி முடிகிறது; "பகவன் முதற்றே உலகு" அடுத்தது. "ஆதிபகவன்" என்ற தொடரின் நடுவே அடி முறிகிறது. பள்ளி ஒப்புவித்தலில் "ஆதி" என்று குரலை இறக்கி நின்று பழகியிருப்போம். அப்படி நின்றால் "ஆதி" முதல் வாக்கியத்தின் வாலாகிவிடுகிறது, "பகவன்" தனியாளாகிவிடுகிறார்.

அங்கே நிற்காமல் போனால் அடி காணாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். "அகர", "பகவன்" இரண்டிலும் இரண்டாம் எழுத்து க. அந்த எதுகை அடியின் தொடக்கத்தில் இருப்பதால், புது அடி தொடங்கிவிட்டது என்று காதுக்கு அதுவே சொல்லிவிடும். ஆகவே எதுகை உள்ள பாட்டில் அடிமுடிவை ஒட்டிவிட்டு, அடுத்த அடியின் முதல் சீரைத் தெளிவாக எடுத்தால் போதும். இயைபு உள்ள பாட்டில் ஒலி ஒப்புமை அடியின் கடைசியில் இருப்பதால், அங்கே சற்று நீட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாத புதுக்கவிதையில்தான் `/` குறிக்கும் `~` குறிக்கும் அதிக வேலை.